இடம் மாறாத முகம்

அந்த டீச்சர் எங்கள் ஸ்டுடியோவுக்கு முதலில் வந்தது ஒரு மே மாதப் பகலில். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், ஒரு சேலைக் கடையின் மாடியில் எங்கள் ஸ்டுடியோ. கல்யாண வீடியோ, வளைகாப்பு ஆல்பம், போனில் அனுப்பும் அழைப்பிதழ் எல்லாம் செய்வோம். கேமரா தூக்குவது முதலாளி. அவரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கம்ப்யூட்டர் வேலை முழுக்க என்னுடையது. கடந்த ஒன்றிரண்டு வருடங்களாக, புகைப்படத்தைக் கொடுத்தால் அதை வரைபடமாக்கி, அந்த வரைபடத்தை அசையவும் வைக்கும் ஏ.ஐ. வேலையும் வந்து சேர்ந்திருந்தது. மாப்பிள்ளையும் பொண்ணும் கார்ட்டூனாகக் கோபுரத்தைச் சுற்றி வருவார்கள். எல்லாரும் ரசிப்பார்கள். முகம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் யாரும் கேட்டதில்லை.

படியேறி வந்தவர் குடையை மடக்கி ஓரமாகச் சாய்த்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கண்ணைச் சுற்றிப் பாதிப் புருவத்திலிருந்து கன்ன எலும்பு வரை அவருக்குத் தோல் வெளுத்திருந்தது. அந்தப் பக்கத்துப் புருவ முடியும் இமை முடியும்கூட வெள்ளை. உதட்டின் வலது ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்கு இன்னொன்று. மற்றபடி நல்ல கறுத்த, களையான முகம். நான் பார்த்துவிட்டுச் சட்டென்று கண்ணை எடுத்தேன். அவர் அதைக் கவனித்தார்.

"நல்லா பாருங்கக்கா. அதுக்குத்தான் வந்துக்கிறேன்" என்றார்.

ஐயம்பேட்டையில் வீடு. அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் வரும்போது முதல் வாரம் அவருக்குப் பெரும்பாடு. சிலது அழும். சிலது கிட்டே வராது. கையால் தொட்டுக் கொடுத்த சாக்பீஸை ஒரு பெண் குழந்தை வாங்காமல் பின்னால் கையைக் கட்டிக்கொண்டதாம்.

"பசங்கள சொல்லி இன்னா பண்றது? வீட்ல சொல்லித்தான் அனுப்புறாங்க. 'டீச்சர் தொட்டா உனுக்கும் வந்துரும், தள்ளி ஒக்காரு'ன்னு. போன வருஷம் ஒருத்தங்க வேற ஸ்கூலுக்கே மாத்திக்கினாங்க."

அதனால் பள்ளி திறப்பதற்கு முன்பே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு நிமிஷப் படம் அனுப்ப வேண்டும். அதையே முதல் நாள் வகுப்புத் திரையிலும் காட்ட வேண்டும் என்பது அவர் யோசனை. கார்ட்டூன்தான் வேண்டும், பிள்ளைகள் அப்போதுதான் பார்ப்பார்கள். ஆனால் அந்தக் கார்ட்டூனில் வருவது அவராகவே இருக்க வேண்டும். வகுப்புக்குள் வருவார், போர்டில் எழுதுவார், பிள்ளைகளோடு தரையில் உட்கார்வார். பின்னணியில் அவர் குரல் பேசும். இதன் பெயர் வெண்புள்ளி, இது வலிக்காது, தொட்டால் ஒட்டாது, என் மேல் கொஞ்சம் பெரிதாகலாம், என்னிடமிருந்து உங்களுக்கு வராது. அவ்வளவுதான் கதை.

"சுலபமா பண்ணிரலாம் டீச்சர்" என்று அண்ணன் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போனிலிருந்து ஒரு கொத்துப் படங்களை அனுப்பிவிட்டு, டீச்சர் குடையோடு இறங்கிப் போனார்.

வேலையை இரண்டு கட்டமாகச் செய்வேன். முதலில், ஒருவருடைய படங்களை மாதிரியாகக் கொடுத்து, அதே ஆள் ஒவ்வொரு காட்சியிலும் இருக்கிற மாதிரி அசையாத வரைபடங்களை எடுத்துக்கொள்வது. பிறகு ஒவ்வொரு வரைபடத்தையும் கொடுத்து நாலைந்து நொடி அசையச் சொல்வது. அந்தத் துண்டுகளை ஒட்டினால் படம்.

முதல் கட்டத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரைந்து வந்த படங்களில் ஒன்றில் வெள்ளை இடது கண்ணில் இருந்தது, அடுத்ததில் வலது கண்ணில். ஒன்றில் கண்ணோரமாகச் சின்னப் பொட்டு, இன்னொன்றில் நெற்றி வரைக்கும். சிலவற்றில் எதுவுமே இல்லை. எல்லாமே அவர் ஜாடைதான். ஆனால் எதுவும் அவர் இல்லை. பரவாயில்லாமல் இருந்தவற்றைப் பொறுக்கி அசைய வைத்தேன். அப்போது இன்னும் மோசமானது. டீச்சர் சிரித்தபடி உள்ளே வருவார், புள்ளி இருக்கும். போர்டு பக்கம் திரும்புவார். மறுபடி நம்மைப் பார்க்கும்போது கன்னம் வழவழவென்று இருக்கும், நிறமும் ஒரு படி வெளுத்திருக்கும். மூக்குகூட சன்னமாகியிருக்கும்.

ஏன் அப்படி ஆகிறது என்று ஓரளவு எனக்குத் தெரியும். அந்த ஏ.ஐ.க்கு அவரைத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற படத்தைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தடுத்த படங்களை அது ஊகிக்கிறது. முகம் மறைந்து திரும்பி வரும்போது, இதுவரை பார்த்துப் பழகிய கணக்கில்லாத முகங்களிலிருந்து பொதுவாக ஒன்றை எடுத்து நிரப்பிவிடுகிறது. அந்தப் பொது முகத்தில் வெண்புள்ளி இருக்காது. துண்டு நீள நீள முகம் அந்தப் பொது முகத்தை நோக்கி நகர்ந்துகொண்டே போகும்.

அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். "நல்லாத்தானம்மா இருக்குது? கடைசில புள்ளி போய்டுதுன்னா அவங்களுக்கு சந்தோஷம்தான?"

"அவங்க அத காட்டத்தான் வந்துக்கிறாங்கண்ணே."

"காட்டிதான்மா பாரேன். ஒத்துக்கினா ஒத்துக்கட்டும்."

காட்டினோம். டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முதல் முறை முழுக்கப் பார்த்தார். மறுபடி ஓட்டச் சொன்னார். போர்டு காட்சி முடிந்ததும் நிறுத்தச் சொல்லி, திரையில் வழவழவென்று நின்ற அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது. அந்த நேரத்தில் அவர் என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்டதில்லை.

பிறகு சொன்னார்: "நல்லா இருக்காங்க. யாருக்கா இது?"

அண்ணன் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். டீச்சர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபம் இல்லை, வகுப்பில் கணக்கு சொல்லிக் கொடுக்கிற குரல்.

"அண்ணே, பசங்க எதுக்கு பயப்புடுதுங்க? இது நகரும், இது ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு போவும்னு நெனச்சிக்கினுதான் பயப்புடுதுங்க. உங்க படத்துல இன்னா ஆவுது? இந்தக் கண்ணுல இருக்குது, அந்தக் கண்ணுக்கு போவுது, அப்றம் காணோம். எங்க போச்சுன்னு ஒரு புள்ள கேட்டா நான் இன்னா சொல்றது? பக்கத்துல ஒக்காந்துக்கினு இருக்கிற புள்ளைக்கு போய்டுச்சின்னுதான நெனைக்கும்?"

முகம் ஒரே மாதிரி இருப்பது அழகுக்கான விஷயம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் படத்தில் அது ஒன்றுதான் விஷயம். மற்ற எதுவும் எப்படிப் போனாலும், அந்த இரண்டு புள்ளிகள் இடத்தை விட்டு நகரக் கூடாது.

"திரும்பப் பண்றேன் டீச்சர்" என்றேன். "ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள முடிச்சி குடுக்கறேன்."

முதலில், கொடுத்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு படத்தில் டீச்சர் ஏதோ கடை வாசலில் நின்று தானே எடுத்திருந்தார். பின்னால் இருந்த பெயர்ப் பலகையைப் படிக்க முயன்றேன், முடியவில்லை. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பியிருந்தது. உடனே சேலைத் தலைப்பைப் பார்த்தேன். வலது தோளில் கிடந்தது. அடுத்த செல்ஃபியிலும் அப்படியே. மற்றவர்கள் எடுத்த படங்களில் தலைப்பு வழக்கம் போல இடது தோளில்.

விஷயம் அதுதான். அவருடைய பழைய போனின் முன்பக்கக் கேமரா, கண்ணாடியில் தெரிகிற மாதிரியே இடம் வலம் மாற்றிப் படத்தைச் சேமித்திருக்கிறது. புதுப் போன் அப்படிச் செய்யவில்லை. ஆகவே பாதிப் படங்களில் புள்ளி இடது கண்ணில், பாதியில் வலது கண்ணில். இரண்டையும் ஒரே ஆள் என்று நான்தான் கொடுத்திருந்தேன். ஏ.ஐ. எதை நம்பும்?

வேறு குழப்பங்களும் இருந்தன. சில படங்களில் போனே தோலை மெழுகிவிட்டிருந்தது. உறவுக்காரர் கல்யாணத்தில் எடுத்த ஒரு படத்தில் அழகு நிலையத்துக்காரர் புள்ளி மேலேயே கனமாகப் பூசியிருந்தார். இன்னொன்று ஐந்தாறு வருடத்துக்கு முன் எடுத்தது. அதில் கண்ணோரத்தில் ஒரு கீற்றுதான். எல்லாமே உண்மையான அவர்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் கிடைப்பது எந்த நாளிலும் இல்லாத ஒருவர்.

இதைச் சொல்ல டீச்சருக்குப் போன் செய்தேன். பலகை எழுத்துக் கதையைக் கேட்டு அவர் சத்தமாகச் சிரித்தார். பிறகு கேட்டார்: "அப்ப எந்த வருஷத்து மூஞ்சி வேணும்?"

"நீங்கதான் சொல்லணும் டீச்சர். எதுவானாலும் ஒன்னுதான் இருக்கணும்."

"பசங்க பாக்கப்போறது இப்ப இருக்கிறததான? இப்ப இருக்கிறதே இருக்கட்டும். வீட்டுக்கு வாங்கக்கா, எடுத்துக்கலாம்."

ஐயம்பேட்டையில் அவர் வீடு மூன்று அறை. அப்பா இல்லை, அம்மாவும் அவரும்தான். அம்மா ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போனவர். இப்போது வீட்டிலேயே சேலைகளுக்குக் குஞ்சம் கட்டுகிறார். ஏசு படம் போட்ட காலண்டருக்குக் கீழே பாதி முடித்த சேலை ஒன்று மடித்துக் கிடந்தது. எனக்கு மோர் கொடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் ஒரு ஸ்டூல் போட்டேன். நேர் வெயில் வேண்டாம். அது ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் இருட்டுமாக அடிக்கும், வெளுத்த இடத்துக்கும் வெயில் பட்ட இடத்துக்கும் வித்தியாசம் தெரியாது. நிழலில் வெளிச்சம் ஒரே சீராக விழுந்தது. டீச்சர் பவுடர் போட்டுக்கொண்டு வந்தார்.

"அதத் தொடச்சிருங்களேன் டீச்சர்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தார். "வெளிய போறப்ப போடாம இருந்ததே இல்லக்கா" என்றார். "இது வெளிய இல்லல்ல, வீடுதான" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார்.

நேராக, இரண்டு பக்கமும் பாதி திருப்பி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, தாடையைத் தூக்கி, குனிந்து, வாயை மூடி, பல் தெரியச் சிரித்து என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். கேமராவை அவர் கண் உயரத்திலேயே, ஒரே தூரத்தில் வைத்தேன். கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும். டீச்சர் முதலில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவையும் இடது கன்னம் கேமராவுக்கு வரும்போது கழுத்து தானாக ஒரு இம்மி விலகும். ஆணை போடுகிற மாதிரி நான் சொல்லச் சொல்ல, கொஞ்ச நேரத்தில் அந்த விலகல் நின்றது. கடைசியில் அவரே, "இந்த சைடு போதுமா, இன்னொன்னு எடுக்கறியா?" என்று என்னை ஒருமையில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

எடுத்ததை லேப்டாப்பில் பார்க்கும்போது, தவறுதலாகப் பழைய படத்தின் கோப்பைத் திறந்துவிட்டேன். போர்டு காட்சி ஓடியது. மகள் திரும்பி வழவழப்பான முகத்தோடு சிரித்தாள். பின்னால் நின்றிருந்த அம்மா கிட்டே வந்துவிட்டார்.

"எம்மாடி" என்றார். மெதுவாக. "சின்னதுல இப்டிதாம்மா இருந்தா. அப்டியே இருக்குது." கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "கண்ணு, இத மட்டும் என் போனுக்கு அனுப்பிடேன். நான் பாத்துக்கினு இருக்கேன்."

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் அம்மா பக்கத்தில் போய் நின்றார்.

"வேணாம்மா."

"எனக்குத்தான்டி. யாருக்கும் காட்ட மாட்டேன்."

"காட்டுவ. தரகர் வருவாரு, அவருக்கு காட்டுவ. அவங்க நேர்ல வந்து என்னப் பாத்துட்டு ஒரு மாதிரி எழுந்து போவாங்க. அத நான்தான் பாக்கணும்." லேப்டாப் திரையைக் கை காட்டினார். "அது நான் இல்லம்மா. நான் இந்தா இங்க நிக்கிறேன்."

அம்மா உள்ளே போனார். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. டீச்சர் என்னிடம், "அத அழிச்சிரு அக்கா" என்றார். அவர் முன்னாலேயே அழித்தேன். நான் கிளம்பும்போது அம்மா வெளியே வந்து, ஒரு பையில் முருங்கைக்காய் போட்டுக் கொடுத்தார். "ஒழுங்கா பண்ணிக் குடும்மா. அவ எப்டி கேக்குறாளோ அப்டி" என்றார்.

அடுத்து வந்த நாட்கள் முழுக்க அந்த முகத்தோடுதான் இருந்தேன். இந்த முறை நேராகக் காட்சிகளுக்குப் போகவில்லை. முதலில் டீச்சருக்கு ஒரு முகத் தாள் செய்தேன். நேர், பாதித் திரும்பல், முழுத் திரும்பல் எல்லாம் ஒரே வரைபட பாணியில், ஒரே தாளில். ஏ.ஐ. வரைந்து கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் புள்ளிகளின் ஓரத்தை என் கையாலேயே திருத்தினேன். கண்ணுக்குக் கீழே அந்த வெள்ளை ஒரு வளைகுடா மாதிரி உள்வாங்கி, மறுபடி வெளியே வரும். வலது கன்னம் நமக்கு வரும் பாதித் திரும்பலில் அந்த வளைவு குறுகும். முழுத் திரும்பலில் மூக்குக்குப் பின்னால் ஒளியும். இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போட்டவள் நான். பார்டரில் ஒரு மயில் மற்ற மயிலைவிட ஒரு கட்டம் மெலிந்தாலும் எனக்குக் கண்ணில் உறுத்தும். அந்தப் பழக்கம் உதவியது.

பிறகு ஒவ்வொரு காட்சிக்கும் இந்தத் தாளை மட்டுமே மாதிரியாகக் கொடுத்தேன். அசைய வைக்கும்போதும் முறையை மாற்றினேன். முன்பு, ஒரு துண்டின் கடைசிப் படத்தை எடுத்து அடுத்த துண்டின் தொடக்கமாக வைத்திருந்தேன். நகலுக்கு நகல் எடுத்தது போல, முதல் துண்டில் வந்த சின்னப் பிழை அடுத்ததில் பெரிதாகி, அதற்கடுத்ததில் வேறு ஆளாகிவிட்டது. இப்போது ஒவ்வொரு துண்டையும் திருத்திய வரைபடத்திலிருந்தே புதிதாகத் தொடங்கினேன். தலை திரும்புகிற இடங்களில் தொடக்கப் படத்தோடு முடிவுப் படத்தையும் கொடுத்தேன். எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிந்தால் நடுவில் தடுமாற்றம் குறைகிறது. துண்டுகளையும் சின்னதாக்கினேன். வகுப்பு முழுவதும் தெரிகிற காட்சியில் முகம் சுண்டு விரல் நகம் அளவுக்குச் சுருங்கி, புள்ளி கரைந்துவிடும். அங்கே கேமராவைக் கிட்டே கொண்டுவந்தேன்.

பெரும்பாலும் சரியாக வந்தது. ஆனாலும் ஒரு மினுமினுப்பு போகவில்லை. கண்ணோரத்து வெள்ளை, ஈரத்தில் விளக்கு பட்ட மாதிரி துடித்துக்கொண்டே இருந்தது. ஒரு துண்டைத் தனித்தனிப் படமாகப் பிரித்து வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொன்றிலும் ஓரம் கொஞ்சம் வேறு. ஆனால் ஏ.ஐ. முதலில் கொடுத்த சின்ன அளவுப் படங்களில் அந்தத் துடிப்பு இல்லை. நடுவில் யார் கை வைத்தது?

நான்தான். படத்தைப் பெரிதாக்கும் மென்பொருளில், முகத்தைத் தெளிவாக்கு என்று ஒரு பொத்தான் உண்டு. கல்யாண வீடியோக்களுக்கு எப்போதும் அதைப் போட்டே வைத்திருப்போம். அது ஒவ்வொரு படத்தையும் தனியாக எடுத்து, முன்னே பின்னே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், வெள்ளை ஓரத்தைக் குறை என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக மெழுகியிருக்கிறது. அதை நிறுத்தினேன். படம் ஒரு துளி மங்கியது, முகம் நின்றது.

"அண்ணே, இங்க வாங்களேன்" என்று கத்தினேன். அண்ணன் டீ கிளாஸோடு ஓடி வந்தார். முதல் படத்தை, ஊடே தெரிகிற கண்ணாடித் தாள் போலத் துண்டின் மேல் போட்டு ஓட்டிக் காட்டினேன். டீச்சர் நடந்து வருகிறார், முகம் அசைகிறது, புள்ளி முகத்தோடேயே அசைகிறது, முகத்தின் மேல் வழுக்கவில்லை. அண்ணன் இரண்டு முறை பார்த்துவிட்டு, "இனிமே கல்யாணத்துக்கும் அந்தப் பட்டன் வேணாம்மா" என்றார்.

இரண்டு இடங்கள் மட்டும் வசப்படவில்லை. ஒன்று, வாய். டீச்சர் பேசுகிற மாதிரி அசைத்தால் உதட்டோரப் புள்ளி உதட்டுக்குள்ளேயே கரைந்துவிடும். கதை முழுக்க பின்னணிக் குரல்தானே என்று, கிட்டத்துக் காட்சிகளில் வாயைப் பேசவிடாமல் சிரிப்போடு நிறுத்தினேன். ஒரு சிரிப்பில் அப்படியும் நழுவியது. அதை மட்டும் படம் படமாக என் கையால் வரைந்தேன். இன்னொன்று அந்தப் போர்டு. முழுசாக முதுகைக் காட்டித் திரும்பினால், என்ன செய்தாலும் திரும்பி வருகிறவர் கொஞ்சம் வேறு ஆளாகத்தான் வந்தார்.

டீச்சரை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துச் சொன்னேன். "போர்டு சீன எடுத்துரலாமா?"

"எதுக்கு முதுகு காட்டணும்?" என்றார். "ஒன்னாங்கிளாஸ்ல முதுகு காட்டி எழுதுனா, திரும்பறதுக்குள்ள ஒருத்தன ஒருத்தன் கடிச்சி வச்சிருப்பான். நான் சைடுல நின்னுக்கினு, பசங்கள பாத்துக்கினேதான் எழுதுவேன்."

நாற்காலியிலிருந்து எழுந்து, ஸ்டுடியோ சுவரில் எழுதிக் காட்டினார். வலது கை சுவரில், இடது கன்னம் எங்களுக்கு, கண் எங்கள் மேல். முகம் ஒரு நொடிகூட மறையவில்லை. அண்ணன் சிரித்துக்கொண்டே அதைப் போனில் எடுத்தார். அதையே பார்த்து வரைந்து அசைத்தேன். முதல் முயற்சியிலேயே நின்றது.

முடிந்த படத்தை டீச்சர் அதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். இந்த முறை கை கன்னத்துக்குப் போகவில்லை. எங்கெங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தி, தன் போன் கேமராவில் தன்னையும் பார்த்து ஒத்துப் பார்த்தார். "புருவத்துல அந்த வெள்ள முடிகூட விட்டு வைக்கல நீ" என்றார். பிறகு சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். நான் டீ சொல்லப் போகிற சாக்கில் கீழே இறங்கினேன்.

பள்ளி திறந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார். போனேன். தலைமை ஆசிரியை பெற்றோர்களையும் உள்ளே உட்கார வைத்திருந்தார். வகுப்பில் புதுச் சீருடை வாசனை. டீச்சர் பவுடர் போட்டுக்கொண்டு வரவில்லை. படம் ஓடியது. ஒரு நிமிஷம்தான். முடிந்ததும் பிள்ளைகள் இன்னொரு தடவை கேட்டன. மூன்றாவது தடவை ஓடும்போது முன்வரிசையிலிருந்த ஒரு சின்னப் பெண் எழுந்தாள். திரையில் கண்ணுக்குக் கீழே இருக்கும் வளைவைப் பார்த்தாள். நடந்து போய் டீச்சர் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். டீச்சர் குனிந்து கொடுத்தார். அவள் ஒற்றை விரலால் அந்த வளைவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"வரல" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு டீச்சர் முகத்தைத் தொட ஒரு வரிசையே நின்றது. எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒருவர் தன் மகனை எழுப்பிக் கடைசி வரிசையில் உட்கார வைத்ததை நான் பார்த்தேன். டீச்சரும் பார்த்தார். ஆனால் அந்தப் பையன் பெல் அடிப்பதற்குள் இரண்டு வரிசை முன்னால் நகர்ந்து வந்திருந்தான்.

வெளியே வரும்போது, அத்தனை வெயிலிலும் முழுக்கை ரவிக்கை போட்டு, மணிக்கட்டோரம் மட்டும் வெளுத்துத் தெரிந்த ஒரு பெண் என்னிடம் வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நீங்கதான் படம் பண்ணீங்களா? எனக்கும் என் பொண்ணுக்கும் ஒரு போட்டோ எடுக்கணும்மா. மெழுகாம எடுப்பீங்களா?"

"எடுப்பேன். எப்ப வேணா வாங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து டீச்சரிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னணியில் பிள்ளைகளின் இரைச்சல்.

"டீச்சர வரைங்கடான்னு சொன்னேன்க்கா. வெள்ள பேப்பர்ல வெள்ள கிரேயான் தெரியலன்னு ஒரே சண்ட. இப்ப எல்லாருக்கும் காக்கி அட்ட கிழிச்சி குடுத்துக்கினு இருக்கேன். ஒருத்தன் புள்ளிய நெத்தில வச்சிருக்கான், ஒருத்தி ரெண்டு கன்னத்துலயும் வச்சி நடுவுல ஒரு பூ போட்டுருக்கா. போனாப் போவுது, அவங்க கையால எங்க வச்சா இன்னா! எங்க அம்மாவுக்கு ஒன்னு கொண்டு போறேன். செவுத்துல ஒட்டணுமாம்."